புதிய வசதி அறிவிப்பு

புதிய வசதி அறிவிப்பு என்பது, ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ள ஒரு பொருளிலோ சேவையிலோ புதிதாகச் சேர்க்கப்பட்ட ஒரு வசதியை வாடிக்கையாளருக்குத் தெரிவிக்கும் குறுகிய செய்தி ஆகும். இது வழக்கமான விளம்பரத்திலிருந்து வேறுபட்டது. விளம்பரம் பொருளை அறியாதவரை நோக்கிப் பேசுகிறது. புதிய வசதி அறிவிப்போ பொருளை அறிந்தவரிடம், அவருடைய பழக்கத்தில் ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்ளுமாறு கேட்கிறது. ஆகவே இதில் பொதுவாக மூன்று கூறுகளே இடம்பெறுகின்றன: வாடிக்கையாளர் அடையும் பயன், அவர் செய்ய வேண்டிய ஒரே செயல், அச்செயல் பலிப்பதற்குத் தேவையான நிபந்தனை. மூன்றாவது கூறு பல அறிவிப்புகளில் விடுபட்டுப் போகிறது. பெரும்பாலான குழப்பங்கள் அங்கிருந்தே தொடங்குகின்றன.

இக்கட்டுரை இவ்வகை அறிவிப்பு எழுதப்படும் முறையை, சேலம் மாவட்டம் இளம்பிள்ளையின் சேலை வணிகத்தைக் களமாகக் கொண்டு விளக்குகிறது. எடுத்துக்காட்டில் வரும் கடை கற்பனையானது. கைப்பேசிச் செய்தி குறித்த அளவுகளும் விதிகளும் உண்மையானவை.

## களம்

இளம்பிள்ளை, கஞ்சமலையை அடுத்து அமைந்துள்ள நெசவு ஊர். இங்கும் சுற்றியுள்ள ஊர்களிலும் விசைத்தறிகளில் நெய்யப்படும் சேலைகள் மொத்தமாகவும் சில்லறையாகவும் விற்கப்படுகின்றன. கைப்பேசி பரவிய பின்னர், கடைக்கு நேரில் வந்து வாங்குவோருடன் இன்னொரு வகை வாடிக்கையாளரும் சேர்ந்தனர். கடை அனுப்பும் சேலைப் படங்களை வாட்ஸ்அப் வழியாகத் தம் உறவினருக்கும் தெரிந்தவருக்கும் அனுப்பி, கேட்போருக்கு வாங்கிக் கொடுத்து, இடையில் ஒரு சிறு தொகையை வருவாயாகப் பெறும் மறுவிற்பனையாளர்களே அவர்கள். இவர்களில் வீட்டிலிருந்தபடி விற்கும் பெண்கள் பலர்.

இவர்களின் தொல்லை ஒன்று எளிதில் விளங்கக்கூடியது. காலையில் வந்த படத்தைப் பார்த்து ஒருவர் அரக்கு நிறச் சேலை கேட்கிறார். மறுவிற்பனையாளர் அவரிடம் பணத்தைப் பெற்றுக்கொண்டு கடைக்கு எழுதுகிறார். அதற்குள் அச்சேலை விற்றுவிட்டது. வாங்கிய பணத்தைத் திருப்பித் தர வேண்டும். வேறு நிறம் போதுமா என்று கெஞ்ச வேண்டும். இரண்டு முறை இவ்வாறு நேர்ந்தால் கேட்டவர் மூன்றாம் முறை கேட்பதில்லை. கடைக்கு இது ஒரு சேலையின் விற்பனை மட்டுமே. மறுவிற்பனையாளருக்கோ தெரிந்தவர் நடுவே உள்ள நம்பிக்கை.

இத்தொல்லையைத் தீர்க்க, கடை தன் கணினியில் உள்ள கையிருப்புக் கணக்கிலிருந்து ஒரு பட்டியலை உருவாக்கி, நாள்தோறும் காலை 10 மணிக்கும் மாலை 4 மணிக்கும் புதுப்பித்து வெளியிட முடிவு செய்கிறது எனக் கொள்வோம். இதனை வாடிக்கையாளருக்கு அறிவிக்க வேண்டும்.

## முதல் வரைவும் அதன் குறைகளும்

இத்தகைய வேளையில் முதலில் எழுதப்படும் வரைவு பெரும்பாலும் பின்வருமாறு அமையும்:

> அன்பார்ந்த வாடிக்கையாளர்களே, ஓர் இனிய செய்தி! எங்கள் நிறுவனம் நவீனத் தொழில்நுட்பத்துடன் கூடிய கையிருப்பு மேலாண்மை வசதியைப் பெருமையுடன் அறிமுகம் செய்கிறது. எங்கள் பட்டியலைப் பாருங்கள், எங்கள் குழுவில் இணையுங்கள், உங்கள் நண்பர்களுக்கும் பகிருங்கள். தங்கள் மேலான ஆதரவை நாடும்…

கல்யாணப் பத்திரிகையின் சாயலில் அமைந்த இந்நடை மரியாதையானதுதான். எனினும் படிப்பவர் தமக்கு என்ன கிடைக்கிறது என்பதை இதிலிருந்து அறிய இயலாது. "கையிருப்பு மேலாண்மை" என்பது கடைக்காரரின் வேலையைக் குறிக்கும் சொல். வாங்குபவரின் நாளில் அதற்கு இடமில்லை. முதல் வாக்கியத்தின் எழுவாய் "எங்கள் நிறுவனம்" என இருப்பதும் இதே குறையின் அடையாளம்.

வசதியைப் பயனாக மாற்றி எழுத ஓர் எளிய வழி உண்டு. "இதனால் அவருக்கு என்ன?" என்ற வினாவை, விடை வாடிக்கையாளரின் கையில் நிகழும் ஒரு செயலாக மாறும் வரை திரும்பத் திரும்பக் கேட்பதே அது. கடையில் கையிருப்புக் கணக்கு உள்ளது. இதனால் அவருக்கு என்ன? பட்டியலில் விற்றுப்போன சேலை இடம்பெறாது. இதனால் அவருக்கு என்ன? சேலை இருக்கிறதா என்று கேட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை. இதனால் அவருக்கு என்ன? இல்லாத சேலைக்குப் பணம் வாங்கிவிட்டுத் திருப்பித் தர நேராது. இங்கு நிறுத்தலாம். இதற்கு மேலும் கேட்டால் "உங்கள் வாழ்வு சிறக்கும்" என்பது போன்ற, எந்தப் பொருளுக்கும் பொருந்தும் வாக்கியமே மிஞ்சும்.

இதன்படி இரண்டாம் வரைவு:

> இருக்கும் சேலை மட்டும் இனி பட்டியலில். பார்க்க 1 என அனுப்புங்கள்.

இது குறுகியது, தெளிவானது, ஒரே செயலைக் கேட்பது. ஆயினும் இது பொய்.

## சுருக்கத்தில் விடுபட்ட நிபந்தனை

பட்டியல் காலை 10 மணிக்குப் புதுப்பிக்கப்படுகிறது. 11 மணிக்குக் கடைக்கு நேரில் வந்த ஒருவர் அரக்கு நிறச் சேலையை வாங்கிச் சென்றுவிட்டால், மாலை 4 மணி வரை அது பட்டியலில் இருந்துகொண்டே இருக்கும். "இருக்கும் சேலை மட்டும்" என்ற உறுதியை நம்பி 12 மணிக்குப் பணம் பெற்ற மறுவிற்பனையாளர் பழைய இக்கட்டிலேயே மாட்டிக்கொள்வார். முன்பு அவர் கடையைக் கேட்டுக்கொண்டு பணம் வாங்கவேனும் செய்தார். அறிவிப்பை நம்பிக் கேட்காமல் வாங்கியதால் இப்போது நிலைமை முன்னினும் மோசம்.

இதற்கு இரண்டு தீர்வுகள் உள்ளன. ஒன்று, வாக்கியத்தைத் திருத்தி "காலை 10 மணி நிலவரப்படி" என்று சேர்ப்பது. இது உண்மையாக இருக்கும். ஆனால் பயன் பெரிதும் குறைந்துவிடும். மற்றொன்று, வசதியையே திருத்துவது. மறுவிற்பனையாளர் சேலையின் எண்ணை அனுப்பியவுடன் கடை அச்சேலையை அலமாரியிலிருந்து எடுத்துத் தனியே வைத்து, "எடுத்து வைத்தாயிற்று" என்று பதில் அனுப்பி, அன்று மாலை 6 மணி வரை காத்திருக்கும் என்பது அத்திருத்தம். இதற்குக் கூடுதல் மென்பொருள் எதுவும் வேண்டியதில்லை. ஓர் அலமாரியும் ஓர் ஆளும் போதும். மென்பொருள் துறையில் உள்ளோர் இவ்வகைத் தீர்வை எளிதில் தவறவிடுவர்.

அறிவிப்பை எழுத முற்படும்போதே வசதியின் ஓட்டை தெரியவருவது இத்துறையில் அடிக்கடி நிகழ்வது. சில மென்பொருள் நிறுவனங்களில் வசதியை உருவாக்கத் தொடங்கும் முன்பே அதன் அறிவிப்பை எழுதிப் பார்க்கும் வழக்கம் உண்டு. அமேசான் நிறுவனம் இம்முறைக்குப் பெயர் பெற்றது.

திருத்திய வசதிக்கான வாட்ஸ்அப் அறிவிப்பு:

> சேலை கையில் உள்ளது என்று உறுதியான பின் பணம் வாங்குங்கள். படத்தில் உள்ள சேலை எண்ணை அனுப்புங்கள். மாலை 6 மணி வரை உங்களுக்காக எடுத்து வைக்கிறோம்.

முதல் வாக்கியம் பயன். இரண்டாவது செயல், மூன்றாவது நிபந்தனை. ஒருவருக்கு ஒரு நாளில் ஐந்து சேலைகள் வரையே எடுத்து வைக்கப்படும் என்று கடை ஒரு வரம்பு வைத்திருக்கலாம். அது இவ்வறிவிப்பில் இடம்பெற வேண்டியதில்லை. ஐந்தாம் சேலைக்கான பதிலில் சொன்னால் போதும். எது அறிவிப்பில் வர வேண்டும், எது பின்னர் வரலாம் என்பதற்கு ஓர் அளவுகோல்: தெரியாவிட்டால் முதற்செயலே தோற்றுப்போகும் நிபந்தனை அறிவிப்பில் இருந்தாக வேண்டும். மற்றவை பதிலில் வரலாம்.

## ஒரே செயல்: இண்டேன் எடுத்துக்காட்டு

இவ்வளவுகோலுக்கு இந்தியாவில் பலரும் அறிந்த ஓர் எடுத்துக்காட்டு, இந்தியன் ஆயில் நிறுவனம் 2021 சனவரி 1 அன்று தொடங்கிய தவறிய அழைப்புப் பதிவு ஆகும். இண்டேன் சமையல் எரிவாயு உருளையை மீண்டும் பெறுவதற்கு, தானியங்கிக் குரல் சேவையை அழைத்து எண்களை அழுத்திப் பதிவு செய்யும் முறை அதற்கு முன்பே இருந்தது. புதிய வசதியில் 8454955555 என்ற எண்ணுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் போதும் என அறிவிக்கப்பட்டது. அழைப்புக் கட்டணம் இல்லை, குரல் சேவையில் காத்திருக்க வேண்டியதில்லை என்பவை பயன்கள். குரல் சேவையைக் கையாளத் தடுமாறும் முதியோருக்கும் ஊரகத்தாருக்கும் இது எளிது என்பதும் எடுத்துரைக்கப்பட்டது.

இங்கு கேட்கப்படும் செயல் ஒன்றே. எதைத் தேர்வு செய்வது என்ற வினாவே எழாததால் படிப்பவர் உடனே செயல்பட முடிகிறது. நிபந்தனையும் ஒன்றே: அழைப்பு எரிவாயு இணைப்புடன் பதிவு செய்த கைப்பேசி எண்ணிலிருந்து வர வேண்டும். அழைக்கும் எண்ணைக் கொண்டுதான் கணினி வாடிக்கையாளரை அடையாளம் காண்கிறது. ஆகையால் மகனின் கைப்பேசியிலிருந்து தாய் மிஸ்டு கால் கொடுத்தால் அவர் பெயரில் பதிவு நிகழாது. இச்சொற்றொடரை நீக்கினால் அறிவிப்பு இன்னும் குறுகும். அவ்வாறு குறுகிய அறிவிப்பை நம்பியவருக்கு உருளை வராது.

செயல் ஒன்றாக இருப்பது போலவே, அது செய்தி வந்த வழியிலேயே செய்யக்கூடியதாகவும் இருக்க வேண்டும். மேற்கண்ட இரண்டாம் வரைவில் உள்ள "1 என அனுப்புங்கள்" என்பது வாட்ஸ்அப்பில் இயலும். அதே வாக்கியத்தை நிறுவனங்களுக்கான குறுஞ்செய்திச் சேவை வழியாக அனுப்பினால், அனுப்புநர் இடத்தில் கைப்பேசி எண்ணுக்குப் பதில் ஆங்கில எழுத்துகளால் ஆன தலைப்புப் பெயரே தெரியும். அதற்குப் பதில் அனுப்ப வழி இல்லை. வாடிக்கையாளர் 1 என்று எழுதி அனுப்ப முயன்று, செல்லவில்லை என்ற செய்தியைக் கண்டு விட்டுவிடுவார். குறுஞ்செய்தியில் இதனால்தான் மிஸ்டு கால் எண்ணோ, வாட்ஸ்அப் எண்ணோ, இணைப்போ தரப்படுகிறது.

## நீளமும் தமிழ் எழுத்தும்

இளம்பிள்ளைக் கடையின் அறிவிப்பு வாட்ஸ்அப்பில் செல்லும்போது நீளம் பெரிய தடையாக இராது. ஆனால் வாட்ஸ்அப்பின் ஒலிபரப்புப் பட்டியலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. கடையின் எண்ணைத் தம் கைப்பேசியில் சேமித்து வைத்திருப்போருக்கு மட்டுமே அவ்வகைச் செய்தி சென்று சேரும். ஒரு பட்டியலில் அதிகபட்சம் 256 பேர். எனவே எண்ணைச் சேமிக்காத பழைய வாடிக்கையாளரை எட்டக் குறுஞ்செய்தி தேவைப்படுகிறது. அங்கு நீளம் முதன்மைச் சிக்கலாகிறது.

ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 140 பைட்டுகள். ஆங்கில எழுத்துகள் ஒவ்வொன்றும் 7 பிட்டுகளில் அடங்குவதால் 160 எழுத்துகள் கொள்ளும். தமிழ் ஒருங்குறியில் அனுப்பப்படும்போது ஒவ்வொரு குறியீடும் 16 பிட்டுகளை எடுத்துக்கொள்வதால் 70 குறியீடுகளே கொள்ளும். 70 குறியீடுகள் என்பது 70 எழுத்துகள் அல்ல என்பதைக் கருத்திற்கொள்ள வேண்டும். மெய்யெழுத்தின் புள்ளியும், உயிர்மெய்யின் துணைக்குறியும் தனித்தனிக் குறியீடுகள். "இருக்கும்" என்ற சொல் கண்ணுக்கு ஐந்து எழுத்து. குறுஞ்செய்திக்கு ஒன்பது குறியீடு.

செய்தி 70-ஐத் தாண்டினால் துண்டுகளாகப் பிரிகிறது. துண்டுகளை மீண்டும் இணைப்பதற்கான குறிப்புக்கு இடம் விட வேண்டியிருப்பதால், அப்போது ஒரு துண்டில் 67 குறியீடுகளே அடங்கும். பெறுபவருக்கு ஒரே செய்தியாகத் தெரியும். அனுப்புநருக்கு இரண்டு செய்திகளின் கட்டணம் விழும்.

கடையின் அறிவிப்பைக் குறுஞ்செய்திக்கு ஏற்பச் சுருக்குவோம்:

> சேலை எண்ணை அனுப்பினால் மாலை 6 வரை எடுத்து வைப்போம். வாட்ஸ்அப்: 98XXXXXXXX

எண்ணிப் பார்த்தால் 73 வருகிறது. "எண்ணை" என்பதை "எண்" எனக் குறைத்தால் இரண்டு குறியீடுகள் மீதமாகும். முக்காற்புள்ளியை எடுத்தால் இன்னொன்று:

> சேலை எண் அனுப்பினால் மாலை 6 வரை எடுத்து வைப்போம். வாட்ஸ்அப் 98XXXXXXXX

இது சரியாக 70. இங்கு வெட்டப்பட்டவை வேற்றுமை உருபும் நிறுத்தக்குறியும் மட்டுமே. "மாலை 6 வரை" என்பதை வெட்டியிருந்தால் இடம் தாராளமாகக் கிடைத்திருக்கும். ஆனால் எத்தனை நாள் வேண்டுமானாலும் எடுத்து வைப்பார்கள் என்று பொருள்பட்டிருக்கும்.

இவ்வளவு நெருக்கமாக எழுதும்போது கண்ணுக்குத் தெரியாத ஒரு பொறி உள்ளது. "வைப்போம்" என்பதில் உள்ள ஓகாரக் குறியை ஒருங்குறியில் ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஏகாரக் குறியும் துணைக்காலும் என இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். இரண்டாம் வகையில் உள்ளிட்டால் செய்தி 71 ஆகி இரண்டு துண்டாகிவிடும். கண்ணால் எண்ணுவதை விட, பைத்தான் மொழியில் பின்வருமாறு எண்ணுவது நம்பகமானது:

```
import unicodedata
s = unicodedata.normalize("NFC", input())
print(len(s.encode("utf-16-be")) // 2)
```

இரண்டாம் வரி பிரிந்த குறிகளை ஒன்றாக்குகிறது. மூன்றாம் வரி எண்ணிக்கையைத் தருகிறது. சிரிப்புமுகம் போன்ற படக்குறிகள் ஒவ்வொன்றும் குறைந்தது இரண்டு குறியீடாகும் என்பதும் இதில் தெரியவரும். முழுதும் ஆங்கிலத்தில் எழுதிய செய்தியில் ஒரே ஒரு தமிழ் எழுத்தோ ₹ குறியோ நுழைந்தாலும் வரம்பு 160-இலிருந்து 70-ஆகக் குறைந்துவிடும். விலை குறிப்பிடும் கடைக்காரர்கள் `Rs` என்று எழுதுவது இதனால் பயனுள்ளது.

எண்ணுக்குப் பதிலாக இணைப்பு தருவோர், அழுத்தியவுடன் செய்தி தானே எழுதப்பட்டுத் திறக்கும் வாட்ஸ்அப் இணைப்பைப் பயன்படுத்தலாம்:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=1042
```

இதில் 1042 என்பது சேலை எண். அவ்விடத்தில் தமிழ்ச் சொல் இட்டால் இணைப்பு நீண்டுவிடும். இணைய முகவரியில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் ஒன்பது ஆங்கிலக் குறிகளாக மாற்றப்படுகிறது. "வேண்டும்" என்ற ஒரு சொல்லே 72 குறிகளாகி, முழுக் குறுஞ்செய்தியையும் மிஞ்சிவிடும். எண்களில் நிறுத்திக்கொள்வதே நலம்.

## அனுமதியும் பதிவும்

இந்தியாவில் நிறுவனங்கள் அனுப்பும் குறுஞ்செய்திகளை இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2018 ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் கட்டுப்படுத்துகின்றன. அனுப்பும் நிறுவனம், அதன் தலைப்புப் பெயர், செய்தியின் வார்ப்பு ஆகிய மூன்றும் முன்கூட்டியே தொலைத்தொடர்பு நிறுவனங்களின் பதிவகத்தில் பதியப்பட்டிருக்க வேண்டும். பதிந்த வார்ப்புடன் பொருந்தாத செய்தி வழியிலேயே நிறுத்தப்படும். 2021 மார்ச்சு 8 அன்று இச்சரிபார்ப்பு நடைமுறைக்கு வந்தபோது, வங்கிகளின் ஒருமுறைக் கடவுச்சொற்கள் கூடத் தடைபட்டதால் அது ஒரு வாரத்திற்கு நிறுத்தி வைக்கப்பட்டது.

இதனால் எழுதுபவருக்கு ஏற்படும் விளைவு என்னவெனில், கடைசி நேரத்தில் ஒரு சொல்லை அழகுபடுத்த இயலாது. மாறக்கூடிய இடங்கள் வார்ப்பில் முன்கூட்டியே குறிக்கப்பட வேண்டும். செய்தியில் உள்ள இணைப்புகளும் 2024 அக்டோபர் 1 முதல் முன்பதிவு பெற்றிருக்க வேண்டும். இல்லையேல் செய்தி செல்லாது. பொதி அனுப்பிய விவரம் போன்றவை சேவைச் செய்திகள். புதிய பொருளையோ சலுகையையோ முன்வைப்பவை விளம்பரச் செய்திகள். அவற்றை வேண்டாம் எனப் பதிந்தோருக்கு அனுப்பலாகாது. வார்ப்பைப் பதியும்போது கடையின் பெயரைச் செய்தியிலேயே சேர்க்க நேர்ந்தால், மேற்கண்ட 70 குறியீட்டு வாக்கியம் இரண்டு துண்டாகும். அப்போது 134 குறியீடுகள் கிடைப்பதால், வெட்டிய உருபையும் நிறுத்தக்குறியையும் திரும்பச் சேர்த்து எழுதுவதே முறை.

## பதில்களிலிருந்து அறிவது

அறிவிப்பு விளங்கியதா என்பதை, அனைவருக்கும் அனுப்பும் முன் இருபது பேருக்கு அனுப்பி, வரும் பதில்களைப் படித்து அறியலாம். எத்தனை பேர் திறந்தார்கள் என்பதை விட, என்ன எழுதினார்கள் என்பதே இங்கு பயன்படும்.

சேலை எண் மட்டும் வந்தால் செயல் விளங்கிவிட்டது. "எந்த எண்?" என்று வந்தால் குறை அறிவிப்பில் இல்லை, படத்தில் உள்ளது. சேலை எண்ணைப் படத்தின் கீழே தனி வரியாக எழுதி அனுப்பும் கடைகளில் இது நேரும். படம் ஒரு கையிலிருந்து மறு கைக்கு அனுப்பப்படும்போது அவ்வரி விடுபட்டுவிடுகிறது. எண்ணைப் படத்தின் மேலேயே ஒரு மூலையில் பொறிக்க வேண்டும். அதனுடன் கடையின் பெயரையும் கைப்பேசி எண்ணையும் பொறித்தால் மறுவிற்பனையாளர் அப்படத்தைப் பயன்படுத்தத் தயங்குவார். தம்மிடம் கேட்பவர் நேரே கடைக்குப் போய்விடுவார் என்ற அச்சம் நியாயமானதே. ஆகவே எண் மட்டும்.

"விலை என்ன?" என்பது மிகுதியாக வந்தால், விலை தெரியாமல் எடுத்து வைக்கச் சொல்ல வாடிக்கையாளர் விரும்பவில்லை என்று பொருள். விலையை அறிவிப்பில் சேர்க்க இயலாது, ஏனெனில் சேலைக்குச் சேலை வேறுபடும். எனவே அது எடுத்து வைத்ததை உறுதிசெய்யும் பதிலில் இடம்பெறலாம்: "1042 எடுத்து வைத்தாயிற்று, விலை இவ்வளவு, மாலை 6 வரை."

மாலை 6 மணிக்கு மேல் பணம் வராமல் அலமாரியில் தங்கும் சேலைகளையும் நாள்தோறும் எண்ணி வருதல் வேண்டும். அவை மிகுமானால் அறிவிப்பு அளவுக்கு மீறி வெற்றி பெற்றுள்ளது எனலாம். மறுவிற்பனையாளர்கள் வாங்குபவர் உறுதி சொல்லும் முன்பே எண்ணை அனுப்பி வைக்கின்றனர். அப்போது கடைக்காரர் நேரத்தை மாலை 6-இலிருந்து பிற்பகல் 2-ஆகக் குறைக்க எண்ணுவார். அவ்வாறு குறைத்தால், பதிந்த வார்ப்பில் "மாலை 6" என்பது மாறா எழுத்தாக இருப்பதால் புதிய வார்ப்பைப் பதிய வேண்டும். முந்தைய அறிவிப்பைப் பெற்ற ஒவ்வொருவருக்கும் மாற்றத்தைத் தெரிவிக்கவும் வேண்டும். பழைய செய்தி அவர்கள் கைப்பேசியில் அப்படியே இருக்கும். அதைப் பார்த்துவிட்டு 5 மணிக்குப் பணம் அனுப்புவோரும் சில நாள்களுக்கு இருப்பர். அந்நாள்களில் கடை பழைய நேரத்தையே கடைப்பிடிப்பது வழக்கம்.